உ.வே.சா. எங்கே பிறந்தார் என்று எந்தப் பக்கம் சொல்கிறது?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் தமிழும் சமூக அறிவியலும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலை போனாலும் பிள்ளைகள் விடவில்லை. பிப்ரவரி நெருங்கினால் ஒருவராவது வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். உ.வே. சாமிநாதையர் பிறந்த நாள் 19ஆம் தேதி வருகிறது, பள்ளியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள், "சார், ஏதாவது புக் இருக்கா?" என்று.

இந்த வருஷம் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் தன்னுடைய புராஜெக்டை முடித்து, நூல் கயிறு போட்டுக் கட்டி, நான் ஒரு தடவை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கொண்டுவந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கடையில் விற்கும் தலைவர்கள் படத்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய படம் அட்டையில். கடைசிப் பக்கத்தில் ‘ஆதாரங்கள்’ என்று கோடு போட்டுத் தலைப்பு. அதன் கீழே மூன்று வரி: கூகுள், விக்கிபீடியா, என் சரித்திரம்.

முதல் பக்கத்தில் ‘உ.வே.சா. 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் காலமானார்’ என்று எழுதியிருந்தாள். தேதியும் சரி, ஊரும் சரி. "இது எதிலேர்ந்து எடுத்தேம்மா?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "என் சரித்திரம் சார்" என்றாள்.

அதாவது, மனுஷன் தன் சுயசரிதையில் தன் மரணத்தை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்! நானும் சிரித்தேன், ஒரு நொடி கழித்துப் புரிந்ததும் அவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் புராஜெக்ட்டுக்கு ஏற்கெனவே ஒரு முறை மதிப்பெண் போட்டாகிவிட்டது. பத்துக்கு ஒன்பது. யார் போட்டார்கள், எந்தப் பள்ளி என்பதெல்லாம் வேண்டாம். நாற்பது நோட்டை ஒரே இரவில் திருத்துகிறவர் கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். அதற்கு மேல் பார்க்க அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எந்தத் தகவல் எந்தப் புத்தகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் எப்படிச் சரிபார்ப்பது?

இந்த மடலே அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றித்தான். அதை அப்படியே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்திலேயே அதன் ஆதாரம் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் என்ன ஆகிறது என்பதை உ.வே.சா.வை வைத்தே சொல்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண்ணோடு திண்ணையில் உட்கார்ந்து செய்ததுதான்.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டோம். ‘திருவாரூர் மாவட்டம் உத்தமதானபுரத்தில் பிறந்தார்’ என்று எழுதியிருந்தாள். இணையத்தில் நிறைய இடத்தில் இப்படித்தான் இருக்கிறது. அரசு பராமரிக்கும் நினைவு இல்லம் உத்தமதானபுரத்தில் இருக்கிறது. போதாக்குறைக்குப் பெயருக்கு முன்னால் உள்ள ‘உ’வே உத்தமதானபுரம்தான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அவர் பிறந்தது சூரியமூலையில். அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில். உத்தமதானபுரம் அப்பா வழி ஊர். நம் பக்கத்தில் இது விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில். இன்றைக்கும் நம் வீடுகளில் பாதிப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு ஊர், "உங்க ஊர் எது?" என்று கேட்டால் சொல்வது இன்னொரு ஊர். கணிதமேதை ராமானுஜனைக் கும்பகோணத்துக்காரர் என்கிறோம், சரிதான். ஆனால் அவர் பிறந்தது ஈரோட்டில், அம்மா வழித் தாத்தா வீட்டில். செம்மங்குடி சீனிவாச ஐயரின் பெயரிலேயே செம்மங்குடி இருக்கிறது; அவர் பிறந்தது திருக்கோடிக்காவலில். பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் ஊர் குடும்பத்தின் ஊர். அதைப் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்வதுதான் டெல்டாவில் வாழ்க்கை வரலாறு எழுதும் பிள்ளைகள் அடிக்கடி செய்யும் தப்பு. பெரியவர்களும் செய்கிறார்கள்.

அதே வரியில் இன்னொரு சிக்கலும் இருந்தது, அந்த ‘திருவாரூர் மாவட்டம்’. உத்தமதானபுரம் இன்றைக்கு அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாவட்டம் உருவானது 1997இல். பிள்ளை ‘இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள’ என்று ஒரு சொல்லைக் கூட்டி எழுதியிருந்தால் தப்பே இல்லை. நாகப்பட்டினம் 1991, மயிலாடுதுறை 2020. நம் நான்கு மாவட்டங்களில் மூன்று இப்படிப் புதிதாகப் பிரிந்தவை என்பதால் பழைய ஆட்களைப் பற்றி எழுதும்போது இது வந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, சூரியமூலை என்று நான் சொல்லிவிட்டேன். அதற்காக அவள் எழுதிக்கொள்ளக் கூடாது. நூலகத்து சார் சொன்னார் என்பது ஆதாரம் இல்லை. ‘என் சரித்திரம்’ புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவருடைய பிறப்பைச் சொல்லும் அத்தியாயத்தை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். பத்து நிமிஷம் ஆனது. அந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அந்த வரிக்குக் கீழே என்னென்ன எழுத வேண்டும் என்று ஒரு பேச்சு வந்தது. அங்கேதான் நுணுக்கம் இருக்கிறது.

பக்க எண் மட்டும் எழுதினால் போதாது. இந்தச் சரித்திரம் 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது. புத்தகமானது 1950இல், அவர் காலமான பிறகு. அதற்கப்புறம் எத்தனையோ முறை அச்சாகிவிட்டது. எழுத்தின் அளவு மாறியிருக்கிறது, தாளின் அளவு மாறியிருக்கிறது. ஆகவே என்னிடம் உள்ள புத்தகத்தில் இருக்கும் பக்க எண் உங்கள் பள்ளிப் பிரதியில் வேறாக இருக்கும். ஆனால் அத்தியாயத் தலைப்பு மாறாது. எனவே அத்தியாயத்தின் எண்ணும் தலைப்பும் முதலில், அப்புறம் எந்த வருஷத்துப் பதிப்பு, அப்புறம் பக்கம். ஆசிரியர் கையில் வேறு பதிப்பு இருந்தாலும் அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் அந்த வரிக்குப் போய்விடலாம். சுருக்கப் பதிப்பாக இருந்தால் அத்தியாய எண்ணும் பொருந்தாது; ‘சுருக்கம்’ என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பதிப்பு வருஷம் என்றதும் அவள் ‘1950’ என்று எழுதினாள். புத்தகத்தின் உள்ளே ‘முதற் பதிப்பு’ என்று முதலில் இருப்பது அதுதானே. கையில் இருந்ததோ பல வருஷம் கழித்து வந்த மறுபதிப்பு. எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதினோமோ அதனுடைய வருஷத்தைத்தான் போட வேண்டும். நூலகப் புத்தகமாக இருந்தால் முத்திரைக்குள் ஒரு பதிவு எண் கையால் எழுதியிருக்கும், அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் நீங்கள் நூலகத்துக்கு வந்து அந்த எண்ணைச் சொன்னால் அதே பிரதி வெளியே வரும். நூலகர் என்ற முறையில் இது என் சொந்தச் சேர்க்கை, எந்த விதிமுறையிலும் தேடாதீர்கள்.

அடுத்தது பிறந்த வருஷம். அந்தப் பெண் 1855 என்று சரியாக எழுதியிருந்தாள். ஆனால் அதே வகுப்பில் அவளுடைய தோழன் 1854 என்று எழுதியிருக்கிறான், எது சரி என்று கேட்டாள். எனக்கு அந்த 1854 எங்கிருந்து வந்தது என்று உடனே பிடிபட்டது. அந்தப் பையன் உண்மையில் புத்தகத்தைப் பார்த்திருக்கிறான்! சாமிநாதையர் பிறந்தது ஆனந்த வருஷம், மாசி மாதம் 9ஆம் தேதி. ஆனந்த வருஷத்துக்கு எது ஆங்கில வருஷம் என்று பஞ்சாங்க அட்டவணையில் தேடினால் 1854 என்று இருக்கும். அங்கேயே நிறுத்திவிட்டான்.

தமிழ் வருஷம் சித்திரையில், ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆனந்த வருஷம் 1854 ஏப்ரலில் தொடங்கி 1855 ஏப்ரலில் முடிந்தது. சித்திரையிலிருந்து மார்கழி முதல் பாதி வரை பிறந்தவருக்கு 1854. மார்கழிக் கடைசி, தை, மாசி, பங்குனி என்றால் ஜனவரி தாண்டிவிட்டது, 1855. மாசி 9 என்பது 1855 பிப்ரவரி 19. இன்னொன்று: ஆனந்த என்ற பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். 1914-15உம் ஆனந்த, 1974-75உம் ஆனந்த. வருஷப் பெயர் மட்டும் உள்ள ஒரு குறிப்பைக் கண்டால் எந்தச் சுற்று என்பதை வேறொரு செய்தியை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். சாமிநாதையர் விஷயத்தில் குழப்பம் இல்லை, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவர் 1914இல் பிறந்திருக்க முடியாது.

எனவே அந்தப் பையனின் தாளில் ‘1854’ என்று மட்டும் இருந்தால் அது வெறும் தப்பு, சிவப்புக் கோடு. ‘ஆனந்த வருஷம் மாசி 9, இதை 1854 என்று மாற்றினேன்’ என்று இருந்தால் எந்த இடத்தில் சறுக்கினான் என்று ஆசிரியருக்கு ஒரு பார்வையிலேயே தெரியும். அரை மதிப்பெண்ணாவது கொடுப்பார். புத்தகத்தில் இருப்பது வேறு, நாம் கணக்குப் போட்டு எடுத்தது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

தேதியோடு கிழமையும் கொடுத்திருந்தால் ஆசிரியருக்கு இன்னும் வசதி. சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நாளை ஐயர் அப்படித்தான் சொல்கிறார்: 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அது வியாழக்கிழமைதானா? 1880ஆம் வருஷத்துக் காலண்டருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். 2004ஆம் வருஷமும் லீப் வருஷம், அதுவும் வியாழக்கிழமையில் தொடங்கியது. எனவே 1880இன் காலண்டரும் 2004இன் காலண்டரும் ஒன்றேதான். செல்போனில் 2004 அக்டோபருக்குப் போனால் 21 வியாழன். பொருந்திவிட்டது. ஒரு பிள்ளை 1881 என்று மாற்றி எழுதியிருந்தால் அக்டோபர் 21 வெள்ளி ஆகிவிடும், உடனே அகப்பட்டுவிடும். கிழமை பொருந்தினால் தேதி கட்டாயம் சரி என்று சொல்ல முடியாது. பொருந்தாவிட்டால் மட்டும் எண்ணோ கிழமையோ எங்கேயோ மாறியிருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

அந்தச் சந்திப்பைப் பற்றி அவள் எழுதியிருந்த வரி இது: ‘1880இல் இராமசுவாமி முதலியார் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.’ படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வரிக்குள் இரண்டு தகவலைத் திணித்து, இரண்டுக்கும் ஒரே வருஷத்தைக் கொடுத்துவிட்டாள். 1880இல் நடந்தது பேச்சு. கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று அடுக்க, அதனால் என்ன பிரயோசனம் என்று அவர் கேட்டது. அதற்கப்புறம் ஏடு தேடி, ஒப்பிட்டு, அச்சுக்குப் போய், சிந்தாமணி வெளிவந்தது 1887இல். நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷம்தான் உ.வே.சா.வின் வாழ்க்கையே, அதை ஒரு வரி விழுங்கிவிட்டது.

‘ஒவ்வொரு தகவலுக்கும் ஆதாரம்’ என்று கேட்டால் இந்தத் தப்பு தானாகவே விலகுகிறது. ஏனென்றால் அவள் அந்த வரிக்கு எண் போட முயன்றபோது ஒரு எண் போதவில்லை. சந்திப்புக்குச் சுயசரிதையின் அத்தியாயம் ஆதாரம். பதிப்பு வருஷத்துக்கு அந்தப் பதிப்பின் முகப்புப் பக்கமே ஆதாரம். சுயசரிதையை எழுதும்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்திய செய்தியை நினைவிலிருந்து சொல்கிறார், நினைவு தவறலாம். முகப்புப் பக்கம் அன்றைக்கே அச்சானது. இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. பிறந்த தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள், தான் பிறந்ததை யாரும் நினைவு வைத்துக்கொள்ள முடியாது. ஜாதகமோ வீட்டுப் பெரியவர்களோ சொன்னதைத்தான் அவரும் எழுதியிருக்க முடியும். ‘பிறந்தார்’ என்பதற்குப் பதில் ‘பிறந்ததாகத் தம் சரித்திரத்தில் எழுதுகிறார்’ என்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுதினால் நான் அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் கொடுப்பேன்.

இனி அந்தக் காலமான தேதிக்கு வருவோம். சுயசரிதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களோடு நின்றுவிடுகிறது. தொடர் வந்துகொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். எனவே 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியது, 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த டாக்டர் பட்டம், 1942இல் மறைவு, இவற்றில் ஒன்றுக்குக்கூட ‘என் சரித்திரம்’ ஆதாரமாக முடியாது. ஒரு பிள்ளை அதைக் காட்டியிருந்தால் புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்று அர்த்தம். ஆசிரியர் நூலகத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல், நாற்காலியில் இருந்தபடியே கண்டுபிடிக்கக்கூடிய தப்பு இது. உங்களுக்கு நான் தரும் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிற்காலச் செய்திகளுக்கு அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன் எழுதிய வாழ்க்கை வரலாறு போல வேறொருவர் எழுதியதற்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அத்தியாயம், பதிப்பு, பக்கம்.

விக்கிபீடியாவைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் எப்படியும் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வரியின் கடைசியில் சிறிய எண் இருக்கும். அதைத் தொட்டால் எந்தப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்று கீழே காட்டும். அந்தப் புத்தகத்துக்குப் போங்கள் என்று சொல்லுங்கள். எண் இல்லாத வரியை எடுத்து எழுத வேண்டாம். எங்கும் போக முடியாமல் இணையப் பக்கத்தையே காட்ட வேண்டி வந்தால் முகவரியோடு பார்த்த தேதியும் வேண்டும், ஏனென்றால் நாளைக்கு அந்த வரி அங்கே இருக்காமல் போகலாம். அப்புறம், ஐந்து தளத்தில் ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் அது உண்மை ஆகிவிடாது. உத்தமதானபுரத்தில் பிறந்தார் என்று சொல்லும் பக்கங்களில் இரண்டு மூன்றை வரிசையாகத் திறந்து பார்த்தோம். எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில் இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்திருக்கிறார். அது ஐந்து சாட்சி இல்லை, ஒரே சாட்சிதான். படத்தாளின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் குறிப்போ அதைவிட மோசம். எழுதியவர் பெயரும் கிடையாது, வருஷமும் கிடையாது.

இதெல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணின் புராஜெக்ட் கடைசியில் எப்படி ஆனது என்றால், பன்னிரண்டு பக்கம் நான்கு பக்கமாகிவிட்டது. இடது ஓரத்தில் இரண்டு அங்குலம் கோடு போட்டு ஒதுக்கினாள். வலப்பக்கம் ஒவ்வொரு தகவலும் தனி வரியாக, எண்ணோடு. அதே எண்ணுக்கு நேராக ஓரத்தில் புத்தகம், அத்தியாயம், பதிப்பு, பக்கம். முக்கியமான மூன்று நான்கு தகவலுக்குப் புத்தகத்தில் உள்ள வரியையே மேற்கோள் குறிக்குள் எழுதினாள். மொத்தம் பதினைந்து தகவல். பதினைந்தில் இரண்டுக்கு அவளால் ஆதாரம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவற்றை விட்டுவிடட்டுமா, ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதட்டுமா என்று கேட்டாள். இரண்டாவதைச் செய்யச் சொன்னேன். "மார்க் குறைச்சுடுவாங்க சார்" என்றாள்.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். குறைக்காதீர்கள். ‘ஆதாரம் கிடைக்கவில்லை’ என்ற வரிக்கு மதிப்பெண் போனால் அடுத்த வருஷம் அவளே அந்த இடத்தில் ‘என் சரித்திரம்’ என்று எழுதிவைப்பாள். பக்கங்களின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண் வேண்டாம். பதினைந்து தகவல், அதற்கு மேல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாற்பது நோட்டில் பதினைந்து பதினைந்தாகப் பார்க்க முடியுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு நோட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எண்ணைத் தொடுங்கள், அந்த இரண்டை மட்டும் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். எந்த இரண்டு என்று முன்கூட்டியே தெரியாது என்பதால் பிள்ளை பதினைந்தையும் ஒழுங்காக எழுத வேண்டியிருக்கும். அத்தியாயமும் பதிப்பும் சரியாக இருந்தால் எனக்கு ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்தான் பிடிக்கிறது. ஒரு வகுப்புக்கு இரண்டு மணி நாற்பது நிமிஷம், இரண்டு சாயங்காலத்தில் முடிந்துவிடும். பள்ளியில் ‘என் சரித்திரம்’ ஒரு பிரதிகூட இல்லை என்றால் பக்கத்துக் கிளை நூலகத்தில் கேளுங்கள், அங்கே இருக்கும். இல்லாவிட்டால் என்னிடம் இரண்டு இருக்கிறது. சனிக்கிழமை காலையில் திண்ணையில்தான் இருப்பேன். ஒன்றில் முதல் நான்கு பக்கம் கிழிந்திருக்கிறது, பதிப்பு வருஷம் தெரியாது. அதை மட்டும் யாரும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கிளை நூலகர்